சரணம் ஐந்து முறை வரும்

தமிழ் மெய்யெழுத்து வரிசையில் ‘ழ’வுக்கு முந்தைய எழுத்து எது?

நான் இதைக் கேட்ட யாரும் உடனே பதில் சொன்னதில்லை. எல்லோரும் ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த வரிசைதான். ஆனாலும் உதடு லேசாக அசையும். ‘ய ர ல வ ழ ள’ என்று உள்ளுக்குள் ஒரு ஓட்டம் ஓடும். ‘ழ’ வந்ததும் நிறுத்தி, ஒரு அடி பின்னால் வந்து, “வ” என்பார்கள். ஒன்றிரண்டு பேர் ‘க ங ச ஞ’விலிருந்தே கிளம்பினார்கள். ‘ர’விலிருந்து கிளம்பியவர் ஒருவர்கூட இல்லை. ‘ழ’வுக்கு ‘ய’வைவிட ‘ர’தான் பக்கம். ஆனால் ‘ர’வில் நுழைய வாசல் இல்லை, ‘ய’வில் இருக்கிறது. இடையின எழுத்துகள் ஆறையும் ஒரே மூச்சில் சொல்லித்தானே பழகினோம், அந்த மூச்சு தொடங்கும் இடம் அதுதான்.

ஆங்கில எழுத்து வரிசையை வைத்து இதையே 1983-இல் டேவிட் கிளார், வில்லியம் சேஸ், யூஜின் லவ்லேஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் சோதித்தார்கள். ஒரு எழுத்தைக் காட்டி, அடுத்தது எது, முந்தையது எது என்று கேட்டு, பதில் வர ஆகும் நேரத்தை அளந்தார்கள். சில எழுத்துகளுக்குப் பதில் சட்டென்று வந்தது, சிலவற்றுக்குத் தாமதமானது. அந்த ஏற்ற இறக்கம், அமெரிக்கக் குழந்தைகள் எழுத்துகளைப் பாட்டாகப் பாடும்போது பிரித்துக்கொள்ளும் குழுக்களோடு பொருந்திப் போனது. நாம் நீளமாக மனப்பாடம் செய்தவை எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு நீண்ட நடை, அதில் அங்கங்கே சில கதவுகள். மற்ற இடமெல்லாம் சுவர்.

சாதாரண வாழ்க்கையில் இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. ‘ழ’வுக்கு முந்தைய எழுத்தை யாரும் அவசரமாகக் கேட்கப் போவதில்லை. மேடையில் இருப்பவருக்குத்தான் இது விஷயம். நடையின் நடுவில் விளக்கு அணைந்தால், பக்கத்தில் எங்கே கதவு இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்கு என் அக்கா மகள் மூலமாக வந்தது. அவளுக்குப் பதினான்கு வயது, வாய்ப்பாட்டு கற்கிறாள். போன வருடம் ஒரு போட்டியில் மோகன ராக வர்ணம் ஒன்றைப் பாடினாள். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் எல்லாம் நன்றாகவே போனது. சரணத்துக்குப் பிறகு முதல் ஸ்வரம், திரும்பச் சரணம், இரண்டாம் ஸ்வரம், திரும்பச் சரணம். அடுத்து மூன்றாம் ஸ்வரத்துக்குப் போக வேண்டிய இடத்தில் மறுபடி இரண்டாம் ஸ்வரத்துக்கே போனாள். பாதியில் அது இரண்டாவது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. நின்றாள். கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடுவர், “பரவாயில்லம்மா, போதும்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்ன மருந்து, பெரும்பாலான வீடுகளில் சொல்வதுதான்: “இன்னும் நூறு தடவை பாடியிருந்தா இப்படி ஆகியிருக்காது.” அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம் போனில், “சித்தி, நான் இனிமே ஸ்டேஜ்ல பாடல” என்றாள். பிறகு, “வீட்ல எப்பவுமே வரும் சித்தி. கண்ண மூடிக்கிட்டு பாடினாக்கூட வரும். அங்க மட்டும் ஏன் வரல?” என்று கேட்டாள்.

நான் வயலின் வாசிக்கிறவள். பிழைப்புக்கு வேறு வேலை. நினைவைப் பற்றிய ஆய்வுகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அவள் கேட்டதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதற்கு உண்மையான பதில் இருந்தது. ‘கண்ணை மூடிக்கொண்டு பாடினாலும் வரும்’ என்று அவள் பலமாக நினைத்துச் சொன்னதுதான் சிக்கலே.

முதலில் அந்த வர்ணத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வர இடம், ஆக ஒரு ஆவர்த்தனத்துக்கு 32. அவளுடைய டீச்சரின் பாடத்தில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் மூன்றும் தலா இரண்டு ஆவர்த்தனம். சரணம் ஒன்று. அதன்பின் வரும் நான்கு ஸ்வரங்கள் முறையே ஒன்று, ஒன்று, இரண்டு, நான்கு ஆவர்த்தனங்கள். கூட்டினால் 15 ஆவர்த்தனம், 480 ஸ்வர இடங்கள். நாம் ஒரு நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏழு சொச்சம் பொருட்கள் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அது நான்குக்குப் பக்கம்தான் என்றார். நான்கு இடமுள்ள பையில் 480 எப்படி நுழைகிறது?

பொட்டலம் கட்டித்தான். ஆய்வாளர்கள் இதை ‘சங்க்கிங்’ என்கிறார்கள். ஒரு உதாரணம்: ஸ ரி க ப த ஸ த ப க ரி ஸ ரி க ப க ரி. மோகனம் தெரியாதவருக்கு இது பதினாறு எழுத்து. ராகம் தெரிந்தவருக்கு மூன்றே விஷயம். நேராக மேல் ஸட்ஜம்வரை ஏறு, நேராக இறங்கு, பஞ்சமம்வரை பாதி ஏறித் திரும்பு. பதினாறு மூன்றாகிவிட்டது.

பொட்டலம் கட்டும் திறமை நினைவாற்றல் என்ற ஏதோ பொதுவான சக்தி இல்லை. சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் சதுரங்கத்தில் இதைக் காட்டினார்கள். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து வினாடி காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் காய்களைப் பெரும்பாலும் திரும்ப அடுக்கிவிடுவார். அதே காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 1980-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகப் பழகி, ஏழு இலக்கம் சொல்லத் தெரிந்த நிலையிலிருந்து 79 இலக்கத்துக்கு வந்தார். அவர் ஓட்டப் பந்தயக்காரர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாகக் கட்டிக்கொண்டார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது மறுபடி ஆறுக்கு வந்து நின்றார். பொட்டலம் அந்தந்தப் பொருளுக்கென்று கட்டியது. மோகனத்தில் கட்டியது பைரவிக்கு ஆகாது.

அக்கா மகளிடம் பொட்டலங்கள் நன்றாகவே இருந்தன. எட்டு வருடம் கற்றவள். ஒரு ஆவர்த்தனத்தை நான்கைந்து பிடிகளாகப் பார்க்கத் தெரியும். குறை அங்கே இல்லை. பொட்டலத்திலிருந்து அடுத்த பொட்டலத்துக்குப் போகும் வழி எப்படிப் போடப்பட்டிருந்தது என்பதில் இருந்தது.

நூறு தடவை பாடும்போது என்ன நடக்கிறது? ஒவ்வொரு பிடியும் அடுத்த பிடியை இழுத்துக்கொண்டு வருகிறது. ‘க ரி ஸ’ என்று தொண்டை முடித்ததும் அடுத்தது தானாக வருகிறது. யோசிக்க வேண்டியதில்லை. இதைத்தான் தசை நினைவு என்கிறோம். பெயர் கொஞ்சம் ஏமாற்றும், தசையில் எதுவும் பதிவதில்லை. நடப்பது மூளையில்தான். ஆனால் நாம் ‘ஞாபகம்’ என்று சொல்வது பதியும் வழி வேறு, இது பதியும் வழி வேறு.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போன, எச்.எம். என்று ஆய்வுலகம் அறிந்த ஒருவரை பிரெண்டா மில்னர் சோதித்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரங்களுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வேலையை முதல்முறையாகப் பார்ப்பதாகத்தான் அவர் நினைத்தார். கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை.

நம் எல்லோருக்குள்ளும் அந்த இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. தினமும் அலைபேசிப் பூட்டைத் திறக்க விரலால் போடும் கோலத்தை, விரலை அசைக்காமல் இன்னொருவருக்கு வாயால் சொல்லிப் பார்த்தால் புரியும். விரலுக்குத் தெரியும், நம்மிடம் கேட்டால் விரலைத்தான் கேட்க வேண்டும்.

இந்த உடல் சங்கிலி கெட்டது இல்லை. அது இல்லாமல் இரண்டாம் காலத்தில் ஒரு வர்ணத்தைப் பாடவே முடியாது, அவ்வளவு வேகத்தில் யோசித்துப் பாட யாராலும் ஆகாது. ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து ஒட்ட வைக்க முடியாது. அடுத்த கண்ணியை எழுப்ப முந்தைய கண்ணிதான் வேண்டும். அதனால் ஆரம்பத்துக்குப் போக வேண்டியிருக்கும். இரண்டாவது, அதற்கு எண்ணத் தெரியாது. சரணம் முடிந்தால் அடுத்தது என்ன என்று கேட்டால், சரணத்துக்குப் பின் வழக்கமாக என்ன வந்ததோ அதையெல்லாம் ஒரே நேரத்தில் நீட்டும்.

வர்ணத்தின் பின்பாதி, சங்கிலியை மட்டும் நம்புகிறவருக்கு வைத்த பொறி மாதிரி. சரணம் ஐந்து முறை வருகிறது. ஒரே வரி, ஒரே ஸ்வரம், ஒரே முடிவு. அதற்குப் பிறகு முதல் முறை ஒன்றாம் ஸ்வரம், அடுத்த முறை இரண்டாவது, பிறகு மூன்றாவது, நான்காவது, கடைசியில் நிறுத்தம். ஒரே கதவுக்குப் பின்னால் ஐந்து வழிகள். தொண்டையைக் கேட்டால் எந்த வழி என்று அதனால் சொல்ல முடியாது. இது எத்தனையாவது சரணம் என்று தெரிந்த வேறொருவர் உள்ளே இருக்க வேண்டும். வீட்டில், பழக்கமான வேகத்தில், அந்த வேறொருவர் பாதித் தூக்கத்தில் இருந்தாலும் சமாளித்துவிடலாம். மேடையில் நெஞ்சு படபடக்கும்போது நாம் செய்யும் முதல் காரியம், தானாக ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்கத் தொடங்குவது: ‘அடுத்தது என்ன?’ கேட்டவுடன் சங்கிலி தடுமாறுகிறது. பதில் சொல்ல வேண்டியவரோ இன்னும் எழவே இல்லை.

நூறு தடவை பாடுவதில் இன்னொரு கணக்கும் உண்டு. அவள் தினமும் முதலிலிருந்து தொடங்குவாள். எங்கே தடுக்குகிறதோ அங்கே நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து. அப்படியானால் நூறு தடவையில் பல்லவி நூறு தடவை வரும், நான்காம் ஸ்வரம் முப்பது தடவை வந்தால் அதிகம். நாலு ஆவர்த்தன நீளமுள்ள, மிகக் கடினமான, சோர்ந்துபோன மூச்சோடு பாட வேண்டிய பகுதிக்கு மிகக் குறைந்த பழக்கம்.

இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் போகும் ஆய்வு ஒன்று உண்டு. ருமேனியாவில் பிறந்த பியானோ கலைஞர் காப்ரியேலா இம்ரே, பாக்கின் ‘இத்தாலியன் கான்செர்ட்டோ’வின் மூன்றாம் பகுதியை மேடைக்காகக் கற்றபோது, தன் பயிற்சி முழுவதையும் காணொளியில் பதிவு செய்தார். உளவியலாளர் ரோஜர் சாஃபினும் அவரும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். சில நிமிடங்களே நீளும் அந்த இசைக்குப் பத்து மாதங்களில் பரவிய 57 அமர்வுகள், 33 மணி நேரத்துக்கும் மேல். ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் தொடங்கினார், எங்கே நிறுத்தினார் என்று எண்ணியிருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, அவர் தொடங்கியதும் நிறுத்தியதும் கண்ட இடத்தில் இல்லை. இசையின் அமைப்பில் பகுதிகள் பிரியும் இடங்களில் அதிகம் தொடங்கினார். அதாவது கதவுகளை அவரே வைத்தார், வைத்த கதவுகளைத் திறந்து திறந்து பழக்கினார். இரண்டு, அந்த இசையிலும் முதன்மை வாக்கியம் வேறு வேறு வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே மாதிரி தொடங்கி வேறு வேறு இடத்துக்குப் போகும் அந்த இடங்களை ‘ஸ்விட்ச்’ என்றே குறித்தார்கள். தண்டவாளம் பிரியும் இடம். நம் சரணமேதான்.

மேடையில் எல்லாவற்றையும் நினைக்க முடியாது. அதனால் இம்ரே சில இடங்களை மட்டும் தேர்ந்து, அங்கே மட்டும் ஒரு எண்ணத்தை வைத்துப் பழகினார். இங்கே விரல் இப்படி, இங்கே ஒலி குறைய வேண்டும், இங்கே உணர்வு மாறுகிறது என்பதுபோல. சாஃபின் இவற்றுக்கு வைத்த பெயரை ‘மேடைக் குறிப்பு’ என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நடுவில் இருப்பதைக் கை பார்த்துக்கொள்ளும். குறிப்பு வந்ததும் மனம் எழுந்து, ‘இங்கே இருக்கிறோம்’ என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளும். கை எங்காவது விட்டாலும் அடுத்த குறிப்பில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் பாடமாக எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஒரு எவர்சில்வர் டப்பாவில் பன்னிரண்டு சீட்டு போட்டுக் கொடுத்தேன். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி, சரணம், நான்கு ஸ்வரங்கள் என்று எட்டு. மூன்றாம் ஸ்வரத்தின் இரண்டாம் ஆவர்த்தனம் ஒன்று. நான்காம் ஸ்வரத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆவர்த்தனங்கள். ஒன்றை எடுக்க வேண்டும், சுருதியைக் கேட்டு, தாளம் போட்டு, அங்கிருந்து தொடங்க வேண்டும். முன்னாலிருந்து ஓடி வரக்கூடாது, அது மட்டும்தான் விதி.

பன்னிரண்டில் ஐந்துதான் வந்தது.

“முன்னாடி ஒரு லைன் பாடிக்கிட்டா வந்துடும் சித்தி.”

“பாடாம?”

“பாடாம எப்படி வரும்?”

மனப்பாடம் சங்கிலியாக மட்டும் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. ஓடி வந்தால்தான் தாண்ட முடிகிறது என்றால், அந்த இடத்தில் கதவு இல்லை. இன்னொரு சோதனையும் வைத்தோம். வழக்கமான முதல் காலத்தைவிடப் பாதி வேகத்தில் பாடுவது. அவளுக்கு அது வேகத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. ஓட்டத்தின் உந்துதல் குறைந்தால் ஓட்டைகள் வெளியே தெரியும். இரண்டாம் காலத்தில் தடையில்லாமல் பாடிய முக்தாயி ஸ்வரத்தில், அந்த மெதுவான நடையில் இரண்டு இடங்களில் நின்றாள்.

வராத ஏழு சீட்டுகளுக்கும் அவளே ஒவ்வொரு பெயர் வைத்தாள். ஸ்வர எழுத்தை எழுதவில்லை, அந்த இடம் எப்படித் தொடங்குகிறது என்பதை ஒரு சொல்லில் எழுதினாள். மூன்றாம் ஸ்வரம் ‘படி’, ஏனென்றால் படிப்படியாக இறங்குகிறது. நான்காம் ஸ்வரத்தின் மூன்றாம் ஆவர்த்தனம் ‘ஊஞ்சல்’. பெயர் அவளுடையதாக இருந்ததுதான் முக்கியம். நான் வைத்திருந்தால் அதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்து சரணம். ஐந்து முறையும் ஒன்றுபோல இருப்பதுதான் சிக்கல் என்பதால், உள்ளுக்குள் ஐந்தையும் வேறாக்கினோம். சரணத்தின் ஆவர்த்தனத்தில் லகு முடிந்து முதல் திருதத்தின் தட்டு விழும் இடம், ஐந்தாம் எண்ணிக்கை. அந்தத் தட்டில், அடுத்து போக வேண்டிய இடத்தின் பெயரை நினைக்க வேண்டும். முதல் முறை ‘நீளம்’, இரண்டாம் முறை ‘மேல்’, மூன்றாம் முறை ‘படி’, நான்காம் முறை ‘சரம்’, ஐந்தாம் முறை ‘வீடு’. சரணம் முடிவதற்கு நான்கு எண்ணிக்கை முன்பே மனம் வழியைத் தேர்ந்துவிடும். முடிந்த பிறகு தேர்ந்தெடுத்தால் தாமதம், அதற்குள் தொண்டை எதையாவது தேர்ந்துவிடும்.

இருபது குறிப்பு வைக்கலாம் என்று அவள் உற்சாகமாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன். குறிப்பு என்பது கவனத்தைச் செலவழிக்கும் இடம். ஒவ்வொரு பிடிக்கும் ஒன்று வைத்தால் தானாக ஓட வேண்டியது ஓடாது, பாட்டும் பாட்டாக இருக்காது. அதோடு, மேடையில் திடீரென்று ஒரு எண்ணத்தை நினைத்தால் அது வேலை செய்யாது. ஒவ்வொரு நாளும் அதே தட்டில் அதே எண்ணம் வந்து வந்து, அந்த எண்ணமும் சங்கிலியோடு பின்னப்பட்டிருக்க வேண்டும்.

அவளுடைய டீச்சரிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தேன். டீச்சர் சிரித்துவிட்டு, “எங்க குரு பாட்டு நடுவுல கையத் தூக்கி நிறுத்திடுவார். ‘அனுபல்லவி ரெண்டாவது ஆவர்த்தனம், எடு’ம்பார். பயந்து சாவோம்” என்றார். டப்பாவும் சீட்டும் இல்லாமல் அந்த குரு செய்ததும் இதுதான்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். பாடும் முன் நோட்டைப் பார்ப்பது அவள் பழக்கம். பார்த்தால் தெம்பாக இருக்கும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை அந்தத் தெம்பைப் பற்றியது. மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு முறையும் படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நான்கு முறை படித்தவர்களுக்குத்தான் தங்கள் நினைவின்மேல் நம்பிக்கை அதிகம் இருந்தது.

அதாவது இப்போதே நன்றாக வருகிறது என்பது, அடுத்த வாரம் வரும் என்பதற்குச் சான்று இல்லை. தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வழி கொஞ்சம் அகலமாகிறது. கண் முன்னால் வைத்துப் பார்க்கும்போது தேடவே வேண்டியதில்லை. அதனால் விதியை மாற்றினோம். காலையில் எழுந்ததும், சாதகத்துக்கு முன்பு, ஒரே ஒரு சீட்டு. வந்தாலும் வராவிட்டாலும் ஒரு முறைதான், போனில் பதிவு. பிறகுதான் நோட்டைத் திறக்கலாம். வராத நாட்களில் எரிச்சலாக, “நேத்து வந்துச்சு சித்தி!” என்று செய்தி அனுப்புவாள். நேற்று வந்து இன்று வராததைத் தேடிப் பிடிப்பதுதான் இந்தப் பயிற்சி என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை. ஆறு வாரத்தின் முடிவில் பன்னிரண்டில் பதினொன்று குளிர்ந்த தொண்டையிலும் வந்தது. ‘ஊஞ்சல்’ மட்டும் கடைசிவரை சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

நவராத்திரியில் அவர்கள் தெருக் கோயில் மண்டபத்தில் அந்த வர்ணத்தைப் பாடினாள். நான் வயலின். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் சுண்டலுக்காக. நான்காம் ஸ்வரத்தில், ஊஞ்சலுக்கு முந்தைய ஆவர்த்தனத்தின் முடிவில், குரல் மங்கியது. மூன்று எண்ணிக்கை அவள் பாடவில்லை. கை தாளத்தை விடவில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஊஞ்சலில் சேரவில்லை அவள். அந்த ஆவர்த்தனத்தை என்னிடம் விட்டுவிட்டு, அடுத்ததன் தொடக்கத்தில், சமத்தில், சரியாக வந்து எடுத்தாள். பிறகு சரணம், ஐந்தாம் தட்டு. அவள் முகத்தைப் பார்த்தேன், உதட்டோரத்தில் ‘வீடு’ என்பது தெரிந்தது.

அவள் மறக்காமல் பாடினாள் என்று சொல்ல முடியாது. மறந்தாள். மறந்த இடத்திலிருந்து முப்பத்திரண்டு ஸ்வர தூரத்தில் ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. அடுத்த மேடையைப் பற்றி அவள் இன்னும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். சாஃபினும் இம்ரேயும் பார்த்தது ஒரு கலைஞர், ஒரு இசை, ஒரு கருவி. அதை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் வர்ணத்துக்குக் கொண்டுவந்தது நான் செய்த நீட்டல். இது பயத்தைப் போக்கும் மருந்தும் இல்லை. பயத்தோடு போனாலும் கால் வைக்க இடம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. கற்பனை ஸ்வரம், நிரவல் போல மேடையிலேயே பிறப்பவற்றுக்கு இந்தச் சீட்டு முறை அப்படியே பொருந்தாது. எழுதி வைத்த நீளத்துக்குத்தான் இது.

அந்த ஆய்வின் கடைசிப் பகுதியை அவளிடம் சமீபத்தில்தான் சொன்னேன். அந்த இசையை வாசிக்காமல் 27 மாதங்கள் கழிந்த பிறகு, இம்ரேயை அதன் முதல் பக்கத்தை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். நிறைய மறந்திருந்தார். ஆனால் மறதி கண்டபடி பரவவில்லை. பகுதிகள் தொடங்கும் இடங்கள் நன்றாக நின்றிருந்தன. அங்கிருந்து தள்ளிப் போகப் போக நினைவு தேய்ந்திருந்தது. உணர்வைக் குறித்து வைத்த இடங்களும் நின்றிருந்தன. விரல் நுட்பத்துக்காகக் குறிப்பு வைத்த இடங்கள் அவ்வளவாக நிற்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்ப ஊஞ்சல் ஏன் சித்தி நிக்க மாட்டேங்குது? அதுக்கும் பேர் வச்சேனே.”

“அந்த இடத்துல என்ன நெனச்சுப் பேர் வச்ச?”

“அங்க மூச்சு பத்தாது. எங்க மூச்சு எடுக்கறதுன்னு நெனச்சுதான்...”

சொல்லிவிட்டு நிறுத்தினாள். டப்பாவை இழுத்து, அந்தச் சீட்டை எடுத்து, ‘ஊஞ்சல்’ என்பதை அடித்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை மெதுவாக, மிக மெதுவாக, பாட ஆரம்பித்தாள்.